டியூப்பிளுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

கயல்விழி:
வணக்கம். பைத்தான் பாடத்தின் அடுத்த பகுதியை வெள்ளிக்கிழமைக்குள் மொழிபெயர்த்து அனுப்பியாக வேண்டும். லிஸ்ட் பட்டியல், செட் கணம். டியூப்பிள்தான் இடிக்கிறது. முந்தைய பகுதியில் ‘மாறாப்பட்டியல்’ என்று போட்டிருக்கிறார்கள். அதையே தொடரலாமா? பாடத்தில் வரும் கணக்கு இதுதான்: கட்டம் போட்ட பலகையில் ஒரு ரோபோ நகர்கிறது. அது எத்தனை வெவ்வேறு கட்டங்களுக்குப் போனது என்று எண்ண வேண்டும்.

சிவராமன்:
முதலில் ‘கணம்’ எதற்கு அம்மா? வடசொல். இலங்கைப் பாடநூல்களில் செட்டுக்குத் ‘தொடை’ என்றே இருக்கிறது. தொடுத்தல் என்ற வினையிலிருந்து வந்த நல்ல சொல். மோனையும் எதுகையும் தொடைதானே?

அருள்:
ஐயா, அங்கேதான் சிக்கல். பூத் தொடுப்பவர் எதற்குப் பின் எது என்று பார்த்துத்தான் தொடுக்கிறார். செட்டில் அந்த முன்பின் கிடையாது. எழுத்துச்சரங்களைப் போட்டு அச்சிட்டுப் பாருங்கள், நிரலை மறுபடி ஓட்டும்போது வரிசை வேறாக வரலாம். உங்கள் வாதப்படி தொடை டியூப்பிளுக்கே பொருந்தும்.

கயல், ரோபோ கணக்கில் மூன்றுக்குமே வேலை இருக்கிறது:

```python
path = [(0, 0), (1, 0), (1, 1), (1, 0)]
visited = set(path)
print(len(path), len(visited))   # 4 3
```

நடந்த வழி நீண்டுகொண்டே போகும், போன இடத்துக்கே திரும்பியும் வரும். அதனால் பட்டியல். எங்கெங்கே போனது என்பதற்கு ஒரு கட்டத்தை ஒரு முறை எண்ணினால் போதும். அதனால் கணம். ஒரு கட்டம் என்பது எப்போதும் இரண்டே எண்கள்: முதலாவது கிடை, இரண்டாவது குத்து. இடம் மாறினால் பொருளே மாறிவிடும். டியூப்பிளின் உயிர் அங்கேதான். ‘மாறாப்பட்டியல்’ என்றால், பூட்டு போட்ட பட்டியல் என்று மட்டும்தான் மாணவர் நினைப்பார்.

நித்யா:
ஆனால் பூட்டு முக்கியம் இல்லையா, அண்ணா? மாணவர்கள் கட்டத்தை `[1, 0]` என்று எழுதி `visited.add` செய்கிறார்கள், `unhashable type: 'list'` என்று பிழை வருகிறது. டியூப்பிள் மாறாது, அதனால் எப்போதும் கணத்துக்குள் போகும். இதைச் சொல்ல ‘மாறா’ வேண்டும்.

அருள்:
எப்போதும் போகாது. `(1, [2, 3])` என்பதைக் கணத்தில் போட்டுப் பாருங்கள், அதே பிழை வரும். எந்த இடத்தில் எந்தப் பொருள் இருக்கிறது என்பதை டியூப்பிள் மாற்றவிடாது, அவ்வளவுதான். உள்ளே உட்கார்ந்திருக்கும் பட்டியல் தன்பாட்டுக்கு மாறலாம். உள்ளடக்கத்தை வைத்துத்தான் கணம் ஒன்றைத் தேடுகிறது. போட்டபின் அது மாறினால் தேடல் தவறிவிடும் என்பதால்தான் முதலிலேயே மறுக்கிறது.

ரஹீம்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். என்னிடம் நீளமான பெயர்ப் பட்டியல். இரட்டிப்பை நீக்க `set` போட்டேன், வரிசை கலைந்துவிட்டது. அப்படியானால் டியூப்பிள் போட வேண்டுமா?

அருள்:
வேண்டாம், டியூப்பிள் இரட்டிப்பை அப்படியே வைத்துக்கொள்ளும். `list(dict.fromkeys(names))` போதும், முதலில் வந்த வரிசை நிற்கும். இன்னொன்று: தமிழ்ப் பெயர்களா? ‘கொ’வை ஒருவர் ஒற்றைக்கொம்பும் காலுமாகத் தனித்தனியே உள்ளிட்டிருப்பார், இன்னொருவர் ஒரே குறியாக. கண்ணுக்கு ஒன்று, கணத்துக்கு இரண்டு. முதலில் `unicodedata.normalize("NFC", name)` செய்துவிடுங்கள்.

ரஹீம்:
ஓ! கொற்றவை இரண்டு முறை வந்தது அதனால்தானா!

சிவராமன்:
கொற்றவை இருக்கட்டும். டியூப்பிள் என்பது குவின்டியூப்பிள், செக்ஸ்டியூப்பிள் போன்ற சொற்களின் வால். ஐந்து மடங்கு, ஆறு மடங்கு. அந்த வாலுக்குத் தமிழில் ‘மடி’ இருக்கிறதே: இருமடி, மும்மடி. மடித்தல், மடங்குதல், மடங்கு எல்லாம் ஒரே வேர். மடிப்பு, மடல்கூட...

நித்யா:
மும்மடி என்றால் மூன்று பங்கு என்றுதான் வகுப்பில் புரிந்துகொள்வார்கள் ஐயா. தனியாக ‘மடி’ என்று எழுதினால் சாகச் சொல்வது போல இருக்கும்.

கயல்விழி:
நாளை மறுநாள் வெள்ளி. எல்லோரும் கொஞ்சம் இரக்கப்படுங்கள்.

அருள்:
‘வரிசைச் சோடி’ பள்ளிக் கணிதத்திலேயே இருக்கிறது, `(1, 0)` அதுதான். இரண்டுக்கு மேலும் போகலாம் என்பதற்காக ‘வரிசைக்கட்டு’ என்று நீட்டலாம். கட்டியபின் ஒன்றை உருவ முடியாது என்பதும் உள்ளே வந்துவிடுகிறது.

நித்யா:
பட்டியலுக்கும் வரிசை உண்டே? ஆனாலும் சரி, எழுதுங்கள்.

ரஹீம்:
எனக்கும் சம்மதம். அடைப்புக்குள் ஒரு தடவை டியூப்பிள் என்றும் போடுங்கள், இல்லாவிட்டால் பிழைச்செய்தியில் `tuple` வரும்போது விழிப்பார்கள்.

சிவராமன்:
என் வாக்கு தொடைக்கே. பதிவு செய்துகொள்ளுங்கள்.

கயல்விழி:
பதிவு செய்தேன் ஐயா. ‘வரிசைக்கட்டு’ என்று அனுப்புகிறேன். ‘மாறா’ மிச்சப்பட்டது நல்லதாயிற்று. அடுத்த பகுதியில் `frozenset` வருகிறது, ‘மாறாக்கணம்’ என்று குறித்துவைத்திருக்கிறேன்.

சிவராமன்:
உறைதொடை.