புதுப்பிப்பு: மாதாந்திர மறுசமநிலை, குறைந்தபட்ச ஆர்டர் 500

போன மாதம் நான் கேட்டது: "ஒவ்வொரு மாதமும் என் ஐந்து ஃபண்டுகளையும் இலக்கு எடைக்குத் திருப்புகிறேன். 500-க்குக் குறைவான ஆர்டர்களை ஸ்கிரிப்ட் தவிர்த்துவிடும். ஆனாலும் ரொக்கம் ஏன் தேங்கி நிற்கிறது?"

காரணம் கிடைத்துவிட்டது. மொத்த மதிப்பு 1,00,000. பெரிய ஃபண்டின் இலக்கு 40,000, இருந்தது 41,200. மற்ற நான்கின் இலக்கு தலா 15,000, இருந்தது தலா 14,700. 1,200-க்கான விற்பனை வரம்பைத் தாண்டியதால் நடந்தது. தலா 300-க்கான நான்கு வாங்கல்களும் வடிகட்டலில் போய்விட்டன. அந்த 1,200 அப்படியே ரொக்கமாக நின்றது.

வரம்பை 250 ஆக்கு என்றார் ஒருவர். இந்த மாதத்துக்குச் சரி, ஆனால் தலா 200 குறைந்தால் மறுபடி இதே கதைதான். இன்னொருவர் தன் வரிக் கணக்கை விரிவாக எழுதினார். நான் கேட்டது அது இல்லை.

உதவியது மூன்றாமவர் சொன்னதுதான்: இரண்டு பக்கமும் தனித்தனியாக வடிகட்டாதே, முதலில் வாங்கல்களை வடிகட்டு, அப்புறம் கையிருப்பு ரொக்கம் போக மீதித் தேவைக்கு மட்டும் விற்பனையைச் சுருக்கு.

```
sell_total = min(sell_total, max(0, buy_total - cash))
```

சுருங்கிய விற்பனைகளையும் மறுபடி வரம்போடு ஒப்பிட வேண்டும். இதை முதலில் மறந்துவிட்டேன். ஏதாவது விற்பனை விழுந்தால் வாங்கலையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. நான்கும் சமமாகக் குறைந்தால், பெரிய ஃபண்ட் 42,000-ஐத் தொடும்வரை எதுவும் நகராது. அதன் வரம்பு 500 இல்லை, உண்மையில் 2,000. இந்த விலகலைப் பொறுப்பதா, விற்ற பணத்தை இரண்டு ஃபண்டுக்குத் தலா 600 என்று கொடுப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.