புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்துவிட்டது. காற்றைக் கூட்டினால் திரும்புமா?

மழைக்குருவி:
வணக்கம். என்னுடையது பெட்ரோல் கார், டயர் 185/65 R15. பழைய டயரில் தடம் 2 மி.மீ. அளவுக்குத் தேய்ந்துவிட்டதால் நான்கையும் மாற்றினேன். முன்பு லிட்டருக்கு 17.5 கி.மீ. கிடைத்தது, இப்போது 16.5தான். அதே பாதை, ஒவ்வொரு முறையும் டேங்கை நிரப்பித்தான் கணக்குப் பார்க்கிறேன். டயர் சரியில்லையா? காற்றைக் கூட்டினால் பழைய மைலேஜ் வருமா?

நாலுசக்கரம்:
கூட்டுங்க சார். டயர் பக்கவாட்டில் 44 psi என்று போட்டிருக்கும், 40 வரை தாராளமாக வைக்கலாம். டயர் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அவ்வளவு லேசாக உருளும். பத்து சதவீதமாவது மிச்சமாகும்.

தேன்சிட்டு:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் பைக். பின் டயர் மட்டும் மாற்றினேன். நைட்ரஜன் அடித்தால் மைலேஜ் கூடும் என்கிறார்களே, உண்மையா?

அச்சாணி:
மழைக்குருவி, டயரில் கோளாறு என்று முடிவு கட்ட வேண்டாம். புது டயர் போட்டால் மைலேஜ் கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான்.

உருளும்போது டயரின் அடிப்பாகம் நசுங்கி நிமிர்ந்துகொண்டே இருக்கிறது. நசுக்கச் செலவான சக்தியை ரப்பர் முழுதாகத் திருப்பித் தருவதில்லை, மீதி சூடாகப் போய்விடும். புது டயரில் தடம் தடிமன், நசுங்கும் ரப்பரும் அதிகம். தேய்ந்த டயரைவிட உருளல் தடை சுமார் 20 சதவீதம் கூட இருக்கலாம். சாதாரண காரில் பெட்ரோலில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான் இந்தத் தடைக்குப் போகிறது. ஆகவே எரிபொருளில் 3 சதவீதம் போல ஏறும்.

இன்னொன்று, உங்கள் மீட்டர். அது சக்கரம் சுற்றுவதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. உங்கள் டயரின் ஆரம் சுமார் 310 மி.மீ., அதில் 6 மி.மீ. தேய்ந்திருந்தது. சின்னச் சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். அதனால் பழைய 17.5இல் ஒன்றிரண்டு சதவீதம் மீட்டர் கூட்டிக் காட்டியதாகத்தான் இருக்கும். அந்த அளவுக்கு உண்மையில் எதுவும் குறையவில்லை.

சரி, காற்று. கார் ராத்திரி முழுக்க நின்ற பிறகு, காலையில் ஓட்டுவதற்கு முன்னால் அளந்து எழுதுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு ஒட்டுத்தாள் இருக்கும், அதில் உள்ள எண்ணையும் சொல்லுங்கள்.

நாலுசக்கரம், பக்கவாட்டில் இருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம், உங்கள் காருக்கானது இல்லை. காற்று கூடினால் லேசாக உருளும் என்பது சரி. ஆனால் 1 psiக்கு எரிபொருளில் சுமார் 0.2 சதவீதம்தான் மாறும். 33இலிருந்து 40 வைத்தாலும் ஒன்றரை சதவீதம் தாண்டுவது கஷ்டம். அதற்கு விலையாகத் தடத்தின் நடுப்பகுதி சீக்கிரம் தேயும், ஈரச் சாலையில் பிரேக் பிடிக்கும் தூரமும் கூடலாம்.

தேன்சிட்டு, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அழுத்தம் சரியாக இருந்தால் மைலேஜில் வித்தியாசம் தெரியாது.

மழைக்குருவி:
இன்று காலை அளந்தேன். முன்னால் 28, 27. பின்னால் 29, 28. ஒட்டுத்தாளில் நான்குக்கும் 33. டயர் மாற்றிய அன்று மதிய வெயிலில் கடையில் 33 வைத்தார்கள், அதற்குப் பிறகு சில மாதங்களாக யாரும் தொடவில்லை. இப்போது குளிர்காலம்.

அச்சாணி:
அப்படியென்றால் சராசரியாக 5 psi குறைவு. வெப்பநிலை 5 அல்லது 6 டிகிரி இறங்கினால் 1 psi போகும். அதுபோக மாதத்துக்கு ஒன்றிரண்டு psi தானாகவே கசியும். இரண்டும் சேர்ந்துதான் இந்த நிலை.

33க்குக் கொண்டுவந்தால் எரிபொருளில் 1 சதவீதம் போல மிச்சம். லிட்டருக்கு 16.5 என்றால் 1000 கி.மீ.க்கு சுமார் 60 லிட்டர், அதில் அரை லிட்டரைக் கொஞ்சம் தாண்டி மிஞ்சும். 16.5 என்பது 16.7 ஆகலாம், 17.5 ஆகாது. இதில் டயர் ஆயுள்தான் பெரிய லாபம். குறைந்த காற்றில் ஓரங்கள் தேயும், டயர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஒரு பயணம் முடிந்ததும் நான்கையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிட நன்றாகச் சுட்டால் அதில் காற்று குறைவு, அல்லது அந்தச் சக்கரத்தில் பிரேக் உரசுகிறது.

நாலுசக்கரம்:
அப்படியானால் 36 வைக்கலாமா? என் காரின் ஒட்டுத்தாளில் முழுச் சுமைக்கு 36 என்றுதான் இருக்கிறது.

அச்சாணி:
ஒட்டுத்தாளிலேயே இருந்தால் தாராளமாக வைக்கலாம், சுமை இல்லாதபோது குலுக்கல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். 33ஐவிட அரை சதவீதம் மிச்சமாகலாம், ஆனால் டேங்க் நிரப்பிப் பார்க்கும் கணக்கில் அது கண்ணில் படாது. ஒரு முறை கொஞ்சம் முன்னதாக நிரப்புவதை நிறுத்தினாலே கணக்கு அதைவிட அதிகமாக மாறும்.

மழைக்குருவி:
33 வைத்துவிட்டேன். முதல் டேங்க் 16.9, அடுத்தது 16.4. இரண்டாவதில் மழையும் நெரிசலும் இருந்தன. வீல் அலைன்மென்ட் பார்க்கவில்லை, அதையும் சந்தேகப்பட வேண்டுமா?

அச்சாணி:
ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா? தடத்தின் மேல் உள்ளங்கையைக் குறுக்காகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பம் போலவும் இருந்தால் சக்கரம் கோணலாக ஓடுகிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.