வரவேற்புச் செய்தியில் நாள் கணக்கை எப்படி எழுதுவது?

வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் மணப்பெண் சாறிச் சட்டை தைக்கிறேன். முகநூலில் விசாரிப்பவர்களுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புவது: “வணக்கம் அக்கா, விசாரித்ததற்கு நன்றி. ஆரி வேலைக்கு 21 நாள். பாதிப் பணம் முற்பணம், மீதி சட்டையை எடுக்கும்போது.”

சென்ற மாதம் 3ஆம் திகதி விசாரித்த ஒருவர், 12ஆம் திகதிதான் அளவுச் சட்டையும் முற்பணமும் தந்தார். நான் 12இலிருந்து எண்ணினேன், அவர் 3இலிருந்து. 24ஆம் திகதி காலை வாசலில் நின்றார். சட்டையின் ஒரு கை இன்னும் ஆரிச் சட்டத்திலேயே இருந்தது. அவருடைய முகம் வாடியதை மறக்க முடியவில்லை.

“வேலை நாள்” என்று மாற்றினேன். போயாவும் ஞாயிறும் சேருமா என்று கேட்கிறார்கள். நிபந்தனைகளை நீளமாக எழுதினால் வாசித்துவிட்டுப் பதிலே போடுவதில்லை.

அளவும் முற்பணமும் கையில் கிடைத்த நாளிலிருந்தே கணக்கு என்பதை, மனம் நோகாமல் முதல் செய்தியிலேயே நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள்?