கொல்லிமலை இறக்கத்தில் வால்வு சாய்ந்தது: டியூபுலரா, கிளிஞ்சரா?

மலைப்பாதை:
என் சைக்கிளுக்கு, ஒருவர் பயன்படுத்திய கார்பன் டியூபுலர் சக்கரங்களை, அதாவது டயரைப் பசையால் ரிம்மில் ஒட்டும் வகையை வாங்கி, டயர் ஒட்டியபடியே மாட்டிக்கொண்டு கொல்லிமலைக்குப் போனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூட இறங்கியிருக்க மாட்டேன், முன்சக்கரம் லேசாக நெளிவதுபோல் தோன்றியது. நிறுத்திப் பார்த்தேன். நேராக நிற்க வேண்டிய வால்வு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ரிம்மின் மேல் டயர் நகர்ந்திருக்கிறது! கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளினேன். ரிம்மில் ஒட்டியிருக்க வேண்டிய, டயரின் அடித்துணியின் ஓரம் தூக்கிக்கொண்டு வந்தது. மீதி மலையை நடந்தே இறங்கினேன்.

வீட்டில் டயரை உரித்தபோது காரணம் புரிந்தது. ரிம்மின் நடுவில் மட்டுமே பசை இருந்தது, ஓரங்கள் வெறுமையாக இருந்தன. வளைவில் டயரைப் பிடித்து வைப்பது அந்த ஓரங்கள்தான். டியூபுலர் வைத்திருப்பவர்கள் காற்றை இறக்கிவிட்டு இதே கட்டைவிரல் சோதனையை இன்றே செய்யுங்கள்.

காற்றாடி:
2003 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் வீரர் ஜோசபா பெலோக்கி விழுந்ததும் இதனால்தானே? பிரேக் சூட்டில் பசை இளகிவிட்டது. ஆனால் டியூபுலர் பஞ்சரே ஆகாது, அதுதான் அதன் பெருமை.

பழைய சங்கிலி:
தம்பி, இரண்டிலும் பாதிதான் சரி. காப் நகருக்கு இறங்கும் சாலையில் அன்று வெயிலுக்குத் தார் உருகிக் கிடந்தது. பின்சக்கரம் வழுக்கிய பிறகு டயர் கழன்றது. பெலோக்கியின் தொடை எலும்பு முறிந்தது. பசையின் பங்கு எவ்வளவு என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை.

பஞ்சரைப் பொறுத்தவரை, பசையில்லாமல் விளிம்பு ரிம்மின் சுவருக்குள் மாட்டும் கிளிஞ்சரில், பள்ளத்தில் இடித்தால் உள்ளே தனியாக இருக்கும் டியூப் டயருக்கும் ரிம்முக்கும் இடையே நசுங்கி இரண்டு ஓட்டைகள் விழும். டியூபுலர் ரிம்முக்கு அந்தக் கூரான விளிம்பு இல்லாததால் அது வெகுவாகக் குறையும். முள் மட்டும் இரண்டையும் ஒன்றுபோலவே குத்தும்.

அப்புறம்தான் பாடு. கிளிஞ்சர் என்றால் லீவர் போட்டுக் கழற்றி, உள்ளே விரலால் தடவி முள்ளை எடுத்து, புது டியூபை வைத்துப் பத்து நிமிடத்தில் கிளம்பிவிடலாம். டியூபுலரில் டியூப் டயருக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருக்கிறது. தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழி பெரும்பாலும் ஓட்டையிருக்கும் இடத்தில் வராது, வால்வின் ஓரமாக வரும். நான் முள் தடத்தைத் தேடி, அதற்கு நேராக அடித்துணியை ஒரு சாண் உரிப்பேன். தையலின் குறுக்கே பேனாவால் சில கோடுகள் போட்டுவிட்டுத்தான் வெட்டுவேன். மூடும்போது அந்தக் கோடுகள் சேர்ந்தால்தான் டயர் கோணாமல் இருக்கும். மெல்லிய ஒட்டு போட்டு, பழைய துளைகளிலேயே ஊசி நுழைத்து, டியூபில் குத்தாமல் தைக்க வேண்டும். ஒரு மாலை முழுவதும் போய்விடும்.

வெயில்காலம்:
நானும் டியூபுலர்தான் ஓட்டுகிறேன். உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றியிருக்கிறேன், தைக்கிற வேலையே இல்லையே?

பழைய சங்கிலி:
நீங்கள் சொல்வது டியூப்லெஸ், அம்மா. பெயர் மட்டும்தான் நெருக்கம். உங்கள் டயரின் விளிம்பு ரிம்மின் சுவருக்குள் பதிந்து நிற்கிறது. டியூபுலர் ரிம்முக்குச் சுவரே கிடையாது, மேலே ஆழமில்லாத குழிவு மட்டும்தான். அதில் கிளிஞ்சர் நிற்காது. உங்கள் ரிம்மில் டியூபுலரை ஒட்டவும் கூடாது. கொக்கியில்லாத ரிம் என்று இப்போது விற்பதும் டியூப்லெஸ் வகைதான், ஏமாந்துவிட வேண்டாம்.

காற்றாடி:
சரி அண்ணா, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்த மென்மையான ஓட்டம் கிளிஞ்சரில் வராது.

மலைப்பாதை:
நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதே சாலையில் 28 மி.மீ. கிளிஞ்சரில் லேடெக்ஸ் டியூப் போட்டு, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டினேன். கரடான இடத்தில் என் கைகளுக்கு வேறுபாடு தெரியவில்லை. மென்மை டயரின் மெல்லிய நூல்துணியிலிருந்தும் டியூபிலிருந்தும் வருகிறது என்பது என் எண்ணம்.

காற்றாடி:
அகலத்தை மாற்றிவிட்டு ஒப்பிட்டால் எப்படி? 28-ஐ 28-உடன் ஓட்டிப் பாருங்கள்.

மலைப்பாதை:
அது நியாயம்தான், ஓட்டிப் பார்க்கிறேன். இம்முறை டயரை முதலில் பசையில்லாமல் மாட்டி, காற்றடித்து ஒரு நாள் விரியவிட்டேன். ரிம்மில் ஓரம்வரை இரண்டு மெல்லிய பூச்சு, அடித்துணியில் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு நாள் காய்ந்தது. பிறகு ரிம்மில் கடைசிப் பூச்சு தடவி, ஈரம் இருக்கும்போதே வால்விலிருந்து தொடங்கி இரு கைகளாலும் கீழ்நோக்கி இழுத்து மாட்டினேன். இன்னும் ஒரு நாள் கழித்துத்தான் சாலைக்கு எடுத்தேன். மலைக்கு மட்டும் அலுமினியக் கிளிஞ்சர் சக்கரங்கள். கார்பன் ரிம்மில் நீண்ட நேரம் பிரேக் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

வெயில்காலம்:
வழியில் பஞ்சரானால் என்ன செய்வீர்கள்?

பழைய சங்கிலி:
ஏற்கெனவே பசை பூசிய உபரி டயர் ஒன்றை இருக்கைக்கு அடியில் மடித்துக் கட்டியிருப்பேன். பழுதானதை உரித்துவிட்டு இதை மாட்டினால், ரிம்மிலும் டயரிலும் உள்ள பழைய பசை ஓரளவு பிடிக்கும். வீடு வரும்வரை வளைவுகளில் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன். மறுநாள் முறையாக ஒட்டாமல் அந்தச் சக்கரத்தை எடுக்க மாட்டேன்.