"வேற ஃபேக்டரி கோட் கையில இருக்கு": விலைப் பேச்சில் எது வரைக்கும் சரி?

நூல்கண்டு, திருப்பூர்

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ரவுண்ட் நெக் டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, 20,000 பீஸ். எங்கள் கோட் 2.20 டாலர், எஃப்ஓபி தூத்துக்குடி. பையிங் ஹவுஸ் 2.05-லேயே நின்றது. "டார்கெட் இதுதான், ஒரு சென்ட்கூட ஏற முடியாது" என்றார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களால் 2.12 வரை வர முடியும் என்று எங்களுக்கு ஒரு கணிப்பு இருந்தது. நாங்களும் 2.15-க்குக் கீழே இறங்கவே முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

உறுத்துவது அதற்கப்புறம் நடந்தது. அவர்கள் ஆள் லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி ஒரு பிடிஎஃப் காட்டினார். வங்கதேச ஃபேக்டரி ஒன்றின் கோட், 2.04. பெயர் இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டார். எம்.டி. முகம் மாறிவிட்டது, அங்கேயே 2.05-க்கு ஒத்துக்கொண்டார். பிறகு எங்கள் பழைய கோட்டைத் திறந்தபோதுதான் உறைத்தது. அந்தத் திரையில் "கோம்ப்டு" என்ற வார்த்தையில் ஒரு ஸ்பெல்லிங் தப்பு இருந்தது. எங்கள் கோட்டிலும் அதே வரியில் அதே தப்பு. எங்கள் தாளிலேயே விலையை மாற்றி எங்களுக்கே காட்டியிருக்கிறார்கள்.

பீஸுக்கு 15 சென்ட் என்றால் 3,000 டாலர். பணத்தைவிட என்னைக் குடைவது இதுதான்: "ஒரு சென்ட்கூட ஏற முடியாது" என்பதும் பொய், இந்தத் தாளும் பொய். இரண்டும் ஒன்றுதானா?

மார்க்கெட்காரன்

ஒன்றுதான். பேரம் என்றாலே இரண்டு பக்கமும் கையை மறைத்துக்கொண்டு பேசுவதுதான். நூல் விலை ஏறப்போகுது, இன்றைக்கே கன்ஃபர்ம் பண்ணுங்க என்று சொல்லாத ஏற்றுமதியாளர் யார்? அவர் காட்டினார், நீங்கள் நம்பினீர்கள். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது: சாதாரணமாக விசாரித்தாலே தெரிந்திருக்கும் விஷயத்தை விசாரிக்காமல் விட்டால் பிறகு ஏமாந்தேன் என்று சொல்ல முடியாது.

கோவை கோடவுன்

எனக்கும் இதே மாதிரிதான் நடக்கிறது. கோடவுன் வாடகையைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உரிமையாளர் "வேற பார்ட்டி ரெடியா இருக்கு, சதுர அடிக்கு நாலு ரூபா கூடத் தர்றாங்க" என்பார். பார்ட்டி யார் என்று கேட்டால் பதில் வராது. நீங்கள் எல்லாம் சொல்லுங்கள், அவருக்கு முன்பணத்தைக் கூட்டிக் கொடுத்தால் வாடகையைக் குறைப்பாரா? பத்து வருஷ ஒப்பந்தம் போடலாமா?

கருப்பு கோட்டு, சென்னை

மார்க்கெட்காரன் சொன்ன விதி இருக்கிறது, ஆனால் பாதிதான் சொன்னார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 19-இல் வரும் விதிவிலக்கு அது. தெரியாமல் தப்பாகச் சொன்ன விஷயத்துக்கும், வாய் திறக்காமல் இருந்து ஏமாற்றியதற்கும்தான் அது பொருந்தும். பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு, நடந்த விஷயம்போல ஒன்றைச் சொன்னால் அது பிரிவு 17-இன் மோசடி. அங்கே "நீ விசாரித்திருக்கலாமே" என்பது தற்காப்பு ஆகாது.

இனி நூல்கண்டு கேட்டதற்கு. "2.05-க்கு மேல் முடியாது" என்பது அவர் மனதில் உள்ள எல்லையைப் பற்றிய பேச்சு. அது கடைசி எல்லை என்று மேசையில் யாருமே எடுத்துக்கொள்வதில்லை, நீங்களே 2.12 என்று கணித்துவைத்திருந்தீர்கள். சட்டம் இதை விட்டுவைக்கிறது. இன்னும் ஒரு படி மேலேயும் விட்டுவைக்கிறது. பிரிவு 17-இன் உதாரணங்களில் ஒன்று இரண்டு வியாபாரிகளைப் பற்றியது: விலை மாறப்போகிற செய்தி ஒருவருக்கு மட்டும் தெரியும், அதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

ஆனால் "இன்னொரு ஃபேக்டரி 2.04 கொடுத்திருக்கிறது" என்பது அவர் மனதைப் பற்றியது இல்லை. வெளியே நடந்த, நடந்ததா இல்லையா என்று சரிபார்க்கக்கூடிய ஒரு சம்பவம். கோடு அங்கேதான் விழுகிறது. அதற்குத் தாளையும் திருத்தினால் வாய்ப்பொய்யைத் தாண்டிப் போய்விட்டது.

கோடவுன் நண்பருக்கு: உங்கள் கேள்வி வேறு, ஆனால் உங்கள் உரிமையாளர் செய்வது இந்த இழைக்குள்தான் வருகிறது. 1952-இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத்துக்கு இதேபோல் ஒரு வழக்கு போனது. வேறொருவர் ஆண்டுக்கு 10,000 டாலர் தரத் தயார் என்று கட்டட உரிமையாளர் தரப்பு சொன்னதை நம்பிக் கடைக்காரர் அந்த வாடகைக்குக் கையெழுத்துப் போட்டார். அப்படி ஒரு ஆளே வரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. இதெல்லாம் விற்பவர் வழக்கமாக அளக்கும் அளப்பு, வழக்கே செல்லாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை, வழக்கு செல்லும் என்றது. நம் ஊர் நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது, ஆனால் வேறுபாடு அதேதான்.

நூல்கண்டுவுக்கு ஒரு கசப்பான விஷயமும் சொல்ல வேண்டும். அந்தத் தாளால்தான் விலையைக் குறைத்தீர்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். "நீங்கள் காட்டிய 2.04 கோட்டைப் பார்த்து 2.05-க்கு ஒத்துக்கொள்கிறோம்" என்று அன்றே ஒரு மெயில் போயிருந்தால் கையில் சாட்சி இருக்கும். சரக்கு போய்ப் பணமும் வந்துவிட்டால் ஒப்பந்தத்தை ரத்து செய்வதில் பயன் இல்லை, நஷ்டஈடு மட்டும்தான் கேட்க முடியும். 3,000 டாலருக்கு அந்த வழக்கு கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு.

சங்கத்துத் தோழர்

கருப்பு கோட்டு சார் "முடியாது" என்பதை லேசாக விட்டுவிட்டார். கூலிப் பேச்சில் "தர மாட்டோம்" என்பதும் "தரக் கட்டுப்படியாகாது" என்பதும் இரண்டு வேறு வார்த்தைகள். முதலாவது நிலைப்பாடு. இரண்டாவது, கணக்குப் புத்தகத்தைப் பற்றிய கூற்று. 1956-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ட்ரூயிட் நிறுவன வழக்கில் இதைத்தான் பார்த்தது. மணிக்கு 10 சென்ட் உயர்வு கேட்டது சங்கம். இரண்டரை சென்ட்டுக்கு மேல் போனால் கம்பெனி முறிந்துவிடும் என்றது நிர்வாகம். கணக்கைக் காட்டு என்றால் காட்ட மறுத்தது. வசதி இல்லை என்று வாதமாக வைத்தால் அதற்கு ஆதாரம் கேட்க எதிர்த்தரப்புக்கு உரிமை உண்டு, மறுப்பது நல்லெண்ணத்தோடு பேசுவது ஆகாது என்று தீர்ப்பு வந்தது.

அதனால் நான் எல்லாப் பேச்சுவார்த்தையிலும் கேட்கும் முதல் கேள்வி: "முடியாதா, மனசில்லையா?" முடியாது என்றால் மினிட்ஸில் எழுதச் சொல்வேன். அந்த இடத்தில் பாதிப் பேர் வார்த்தையை மாற்றிக்கொள்வார்கள்.

பையிங் பக்கம்

நான் எதிர்ப்பக்கம் உட்காருகிறவன். தாளைத் திருத்தியதை நான் ஆதரிக்கவில்லை, அது அசிங்கம். ஆனால் இங்கே ஏற்றுமதியாளர்கள் எல்லாரும் கைகழுவிக்கொண்டு நிற்பதுபோல் பேசுவதை ஏற்க முடியாது.

ஓப்பன் காஸ்டிங் தாளைப் பாருங்கள். அது பேரப்பேச்சு இல்லை, "எங்கள் செலவு இதுதான்" என்று கையெழுத்துப் போட்டுத் தருகிற கணக்கு. அதில் துணிக் கன்சம்ப்ஷன் வரியில்தான் கொழுப்பு ஒளிந்திருக்கும். உண்மையில் பீஸுக்கு 180 கிராம் போகும் இடத்தில் 195 போடுவார்கள். துணி கிலோ 440 ரூபாய் என்று வைத்தால் 15 கிராமுக்கு 6 ரூபாய் 60 காசு. நூல்கண்டு சொன்ன 20,000 பீஸுக்கு 1,32,000 ரூபாய். கண்டுபிடிப்பது சுலபம். தைத்த சாம்பிளைத் தராசில் வைப்பேன். 150 கிராம் காட்டினால், 180 என்பது ஆறில் ஒரு பங்கு வெட்டுக்கழிவு, ஒத்துக்கொள்ளலாம். 195 என்றால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கழிவு. ஒரு சாதாரண ரவுண்ட் நெக்குக்கு அது எப்படி வரும்? மார்க்கர் நீளத்தையும் லேயரையும் கொடுங்கள் என்று கேட்டதும் குரல் மாறும்.

கேட்காமலே ஒன்று சொல்கிறேன், இது உங்களுக்கு உதவும். "வேற கோட் இருக்கு" என்று யாராவது சொன்னால் விலையை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள். எத்தனை பீஸுக்கு அந்த விலை, எந்த நூல் கவுண்ட், பணம் எத்தனை நாளில், டெலிவரி எப்போது. உண்மையான கோட் வைத்திருப்பவர் இதில் இரண்டையாவது உடனே சொல்வார். கற்பனைக் கோட்டில் விலை மட்டும்தான் இருக்கும், அதுவும் உங்கள் விலைக்குக் கொஞ்சம் கீழே அளவெடுத்ததுபோல் இருக்கும். அப்புறம், வங்கதேசச் சரக்கு ஐரோப்பாவுக்குள் தீர்வையில்லாமல் போகிறது. அதனால் ஐரோப்பிய பையர் கையில் அங்கிருந்து கோட் இருப்பது நடக்காத விஷயமும் இல்லை. எல்லாவற்றையும் பொய் என்று முடிவுகட்டி ஆர்டரைக் கைவிட்டவர்களும் உண்டு. இறங்குவதாக இருந்தால் சும்மா இறங்காதீர்கள். "20,000 பீஸ், இதே கவுண்ட், இதே பேமென்ட் டேர்ம்ஸில் உங்களிடம் 2.04 இருப்பதாகச் சொன்னதன் பேரில் 2.05" என்று ப்ரொஃபார்மா இன்வாய்ஸிலேயே ஒரு வரி சேருங்கள். பொய்யாக இருந்தால் அந்த வரியோடு அவர் கையெழுத்துப் போடத் தயங்குவார். உங்கள் எல்லையைப் பற்றியும் பொய் சொல்லத் தேவையில்லை. "2.15-க்குக் கீழே இந்த ஆர்டரை எடுப்பதாக இல்லை" என்றால் அது முடிவு. "எங்கள் அடக்கமே 2.15" என்றால் அது கணக்கு, கேட்டால் காட்ட வேண்டி வரும்.

மார்க்கெட்காரன்

வக்கீல் சார் பிரிவு 19 பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. கோட் நிஜம், ஆனால் ஒரு லட்சம் பீஸுக்கு வாங்கினது. விலையை மட்டும் காட்டி எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டால்? சொன்னதில் பொய்யே இல்லையே.

கருப்பு கோட்டு, சென்னை

சும்மா மௌனமாக இருப்பது வேறு, பாதியைக் காட்டி மீதியை மறைப்பது வேறு. பேச்சு முழுக்க 20,000 பீஸைப் பற்றி நடக்கும்போது அந்தத் தாளை நீட்டினாலே "இதே ஆர்டருக்கு" என்று சொன்னதாகத்தான் ஆகும். நான் அதை மோசடி என்று வாதாடுவேன். எதிர்த்தரப்பு பிரிவு 19-இன் விதிவிலக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்குமே என்பார். எந்தப் பக்கம் சாயும் என்று உறுதி தர மாட்டேன்.

நூல்கண்டு, திருப்பூர்

பையிங் பக்கம் அண்ணே, கன்சம்ப்ஷன் விஷயத்தில் ஒன்று. எல்லா 15 கிராமும் கொழுப்பு இல்லை. டையிங்கில் ஷேட் மாறினால் திரும்பப் போட வேண்டிய துணி, எஃப்ஓபி-க்குப் பிறகு நீங்கள் கேட்கும் தள்ளுபடி, இதற்கெல்லாம் உங்கள் தாளில் தனி வரி கிடையாது. ரிஸ்க் என்று எழுதினால் அடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் துணி வரியில் போய் உட்காருகிறது.

பையிங் பக்கம்

உண்மைதான் தம்பி, அந்த வரியை நாங்கள் அடிக்கிறோம். ஆனாலும் 195 என்று எழுதினால் 195 கிராம் துணி என்றுதான் அர்த்தம். ரிஜெக்ஷன் மூணு சதவீதம் என்று தனியாக எழுதி, அதற்காகச் சண்டை போடுங்கள். போன ஆர்டரின் ஷேட் ரிப்போர்ட்டையும் இணைத்து அனுப்பினால் என்னால் மேலே பேச முடியும்.