"அராஜகம்" வேண்டாம் என்றால் எது?

யாழ்ப்பாணத் திருநெல்வேலியிலிருந்து:
இரண்டாம் வருட அரசறிவியல் வகுப்பில் "அராஜகவாதம்" என்று பலகையில் எழுதினேன். "கடை உடைக்கிற ஆக்களோ மிஸ்?" என்று ஒரு பிள்ளை கேட்டா. நான் படிப்பிப்பது அமெரிக்க மெய்யியலாளர் றொபேட் போல் வூல்ஃப் 1970இல் எழுதிய வாதம். அரசு தண்டிப்பதோடு நிற்பதில்லை. தான் சொன்னது என்பதற்காகவே கீழ்ப்படியவேண்டும் என்று உரிமை கோருகிறது. தன் செயலுக்குத் தானே பொறுப்பான மனிதர் அந்தக் கோரிக்கையை ஏற்கமுடியாது என்கிறார் அவர். சட்டம் சொல்வது சரியென்று தானே கண்டால் அதன்படி நடக்கலாம். இந்தக் கொள்கைக்குக் கலவரத்தை நினைவூட்டாத ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறேன். "அரசின்மை" பொருந்துமா?

சுன்னாகத்திலிருந்து:
பொருந்தும் மிஸ். நாங்கள் அதுக்குள்ள வாழ்ந்த ஆக்கள். தொண்ணூறுக்குப் பிறகு அஞ்சு வருசம் கொழும்பு அரசாங்கத்தின்ர பொலிஸ் இங்க இல்லை. கரண்டும் இல்லை, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டம். சனம் ஒழுங்காத்தான் இருந்தது.

பருத்தித்துறையிலிருந்து:
அண்ணை, அந்தக் காலத்தில் புலிகள் இயக்கத்தின் பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி இருந்தது. வெளியே போகப் பாஸ் எடுத்தோம். கட்டளையிடுபவர் மாறினார், கட்டளை போகவில்லை. வூல்ஃப் மறுப்பது எந்தக் கொடியின் கீழும் கோரப்படும் அந்த உரிமையை. "அரசின்மை" ஒரு நிலைமையின் பெயர். எங்களுக்குத் தேவை ஒரு நிலைப்பாட்டின் பெயர். "ஆணையுரிமை மறுப்பு" என்று சொல்லிப்பாருங்கள்.

கொக்குவிலிலிருந்து:
சொல் நல்லது, கொள்கைதான் நிற்காது. தெருவும் ஆஸ்பத்திரியும் மற்றவர்கள் சட்டத்துக்கு அடங்கி நடப்பதால் கிடைப்பவை. பயனை அனுபவித்தவர் தன் பங்கையும் செய்யவேண்டும். சட்ட மெய்யியலாளர் ஹார்ட் 1955இலேயே இதைச் சொல்லிவிட்டார்.

பருத்தித்துறையிலிருந்து:
தம்பி, பாதி சரி. மெய்யியலாளர் நோசிக் 1974இல் இதை மறுக்க ஒரு உதாரணம் சொன்னார். அயலவர்கள் ஒலிபெருக்கி பூட்டி, ஆளுக்கொரு நாள் பாட்டும் கதையும் போடுகிறார்கள். நீங்கள் வீட்டுக்குள் இருந்து கேட்டு ரசித்தீர்கள். உங்கள் முறை வந்ததும் ஒரு நாள் முழுக்க அங்கே நிற்கக் கடமைப்பட்டவரா? எங்கள் கோயில் லவுட்ஸ்பீக்கர் விடிய நாலரைக்கு என் யன்னலுக்குள் வருகிறது. அதற்காகத் திருவிழா உபயம் என் தலையில் விழாது. ஆனால் சனசமூக நிலையத்துக்கு நானே போய்ச் சேர்ந்து, புத்தகமும் எடுத்துவிட்டுச் சந்தா கொடுக்காவிட்டால் அது அநியாயம். வந்து விழுந்த பயன் வேறு, கைநீட்டி வாங்கியது வேறு. சிமன்ஸ் என்ற மெய்யியலாளர் 1979இல் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் அரசு தரும் பெரும்பாலானவை முதல் வகை என்று காட்டினார்.

கொக்குவிலிலிருந்து:
ஆஸ்பத்திரிக்கு நான் நடந்துபோய்த்தானே துண்டு எடுக்கிறேன்? அது கைநீட்டி வாங்கியதுதான். அதோடு, உங்கள் சொல்லுக்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ரஷ்ய அராஜகவாதி பக்கூனின் அடங்கமாட்டார். அவர் உரிமையை மறுத்ததோடு நிற்கவில்லை, அரசையே ஒழிக்கச் சொன்னவர்.

திருநெல்வேலியிலிருந்து:
இரண்டும் நியாயமான கேள்விகள். வூல்ஃபுக்கும் சிமன்ஸுக்கும் "ஆணையுரிமை மறுப்பு" என்றே நாளை எழுதுகிறேன். பக்கூனினுக்கு "அரசொழிப்புவாதம்" போதுமா? அவர் கடவுளின் ஆணையையும் மறுத்தவர் என்பதால் "அரசு" என்ற முன்பாதி எனக்கு இடிக்கிறது.