கோட்டாவா, ஸ்ட்ராட்டிஃபைடா? இந்தக் கேள்வியைக் கொஞ்சம் சரிபார்த்துத் தாருங்கள்

எம்பிஏ மாணவர்களுக்கு மார்க்கெட்டிங் ரிசர்ச் குவிஸ் தயாரிக்கிறேன். சாம்பிளிங் பகுதியில் ஒரு கேள்விக்கு மட்டும் உங்கள் கருத்து வேண்டும்.

கேள்வி இது: "பற்பசை நிறுவனம் ஒன்று 60 பெண்கள், 40 ஆண்களிடம் கருத்துக் கேட்க முடிவு செய்கிறது. கள ஆட்கள் மால் வாசலில் நின்று, எண்ணிக்கை நிரம்பும்வரை வருகிறவர்களிடம் கேட்கிறார்கள்." கொடுத்திருக்கும் நான்கு விடைகள்: சிம்பிள் ரேண்டம், ஸ்ட்ராட்டிஃபைட், கோட்டா, கன்வீனியன்ஸ். சரியான விடை கோட்டா. ஆனால் "பெண்கள், ஆண்கள்" என்று பிரித்ததைப் பார்த்ததுமே பாதிப் பேர் ஸ்ட்ராட்டிஃபைடில் டிக் அடித்துவிடுகிறார்கள். பிரிப்பது இரண்டிலும் உண்டு. பிரித்த பிறகு ஆளைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதில்தான் வித்தியாசம். 5,000 வாடிக்கையாளர் பட்டியலை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ரேண்டம் எண் போட்டு எடுத்தால் ஸ்ட்ராட்டிஃபைட். பிரிக்காமல் மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கினால் சிம்பிள் ரேண்டம். மால் வாசலில் பட்டியலும் இல்லை, குலுக்கலும் இல்லை. சிரித்த முகமாக வருகிறவரைத்தான் கள ஆள் நிறுத்துவார். அந்த 60, 40 என்ற வரம்பையும் எடுத்துவிட்டால் அது வெறும் கன்வீனியன்ஸ்.

என் சந்தேகம்: "கள ஆட்கள் தங்கள் விருப்பப்படி" என்று சேர்த்தால் விடையை நானே சொன்ன மாதிரி ஆகிவிடுமா? இன்னொன்று, "வெளியே வரும் ஒவ்வொரு பத்தாவது நபரிடமும்" என்ற கேள்வியை நீக்கிவிடலாமா? அது சிஸ்டமேட்டிக், நான்கு விடைகளில் அதற்கு இடமே இல்லை. பாடம் எடுப்பவர்கள் உங்கள் வாக்கிய அமைப்பைப் பகிர்ந்தால் உதவியாக இருக்கும்.